பாவ வரியும் திறைசேரியின் பசியும்

வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் காலங்களில் சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் விலை ஏறுவதும், அதற்கு மக்களின் நல்வாழ்வே காரணம் எனக் கூறப்படுவதும் நாம் பழகிப்போன காட்சிகள். இவ்வரிக்கு உலகம் இட்ட பெயர் ‘பாவ வரி’. இப்பெயரே முதற் குழப்பம் என்பது எமது வாதம். பாவத்தைத் தண்டிப்பது சமயத்தின் வேலை. வரி விதிப்பவன் வேறொரு நியாயத்தைக் காட்டியாக வேண்டும்.

அந்நியாயங்கள் இரண்டு உள. 1920இல் பிகு என்னும் பொருளியலறிஞர் ஒன்றைத் தெளிவாக்கினார்: ஒருவரின் நுகர்வு பிறர்மேல் சுமத்தும் தீங்கு அப்பொருளின் விலையில் அடங்காதபோது, வரியினால் அதனை விலையிற் சேர்த்தல் வேண்டும். 1927இல் ராம்சே என்பார் மற்றொன்றை நிறுவினார்: விலை ஏறினும் கேள்வி அதிகம் குறையாத பண்டத்தின்மீது வரியைக் கூட்டினால், வேண்டிய வருமானத்தைக் குறைந்த பொருளாதார இழப்புடன் பெறலாம். முன்னையது மக்கள் பண்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என விரும்புகிறது. பின்னையது அவர்கள் அதனை விடமுடியாதிருப்பதையே நம்பியிருக்கிறது. ஒரே வரிக்குள் முரண்பட்ட இரு விருப்பங்கள் குடியிருக்கின்றன.

இம்முரண்பாட்டைக் காட்டி, வரியே பயனற்றது என்போரும் உளர். அவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை. ஒரு சிகரெட்டின் விலை 100 ரூபா, அதில் வரி 70 ரூபா எனக் கொள்வோம். வரி 10 ரூபாவால் உயர்ந்து விலை 110 ஆகிறது. பத்து வீத விலையேற்றம் நுகர்வை ஐந்து வீதம் குறைக்குமாயின், 1,000 சிகரெட்டு விற்ற இடத்தில் 950 விற்கும். வரி வருமானமோ 70,000 ரூபாவிலிருந்து 76,000 ரூபாவாக உயரும். புகையும் குறைகிறது, திறைசேரியும் நிறைகிறது. இரு விருப்பங்களும் இந்த எல்லைக்குள் ஒத்துப்போகின்றன. அரசின் உண்மையான நோக்கத்தை, ஆகவே, வரியின் தொகையைக் கொண்டு அறியமுடியாது. அதன் அமைப்பைக் கொண்டே அறிய வேண்டும்.

இலங்கையில் சிகரெட்டுத் தீர்வை அதன் நீளத்தைக் கொண்டு விதிக்கப்பட்டு வந்துள்ளது. 60, 67, 72, 84 மில்லிமீற்றர் என்ற எல்லைகள் ஐந்து வகுப்புகளைப் பிரிக்கின்றன. குட்டையானதற்குக் குறைந்த தீர்வை. நுரையீரலுக்கு மில்லிமீற்றர் தெரியாது. நெடியதை வாங்க முடியாதவன் குட்டையானதற்கு இறங்குகிறான். இறங்கியபின் ஆழமாக இழுத்துத் தன் நிக்கொட்டின் தேவையை நிறைவு செய்துகொள்ளவும் இயலும். விடுவதற்குப் பதிலாக இறங்குவதற்கு ஒரு படிக்கட்டை வரியே கட்டிக் கொடுக்கிறது. வாடிக்கையாளன் தப்பிப் போகாதிருக்க வேண்டும் என்பதே குறிக்கோளாயின், இதனிலும் சிறந்த ஏற்பாடு அரிது.

இரண்டாவது சோதனை பணவீக்கம். இத்தீர்வை விலையின் வீதமாகவன்றி, இத்தனை ரூபா என்ற நிலையான தொகையாக விதிக்கப்படுவது. ஏனைய விலைகள் ஏற, தொகை நின்ற இடத்தில் நின்றால், வரி உண்மையிற் குறைகிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 டிசெம்பரில் ஓராண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 57 வீதம். அடுத்த மாதம் மதுவுக்கும் சிகரெட்டுக்குமான தீர்வைகள் 20 வீதத்தால் உயர்த்தப்பட்டன. செய்தியில் அது வரியேற்றம். அந்த ஓராண்டு விலையேற்றத்தோடு ஒப்பிடின், அவ்வுயர்வு பாதி வழியைக்கூடக் கடக்கவில்லை.

வரியை உயர்த்தினால் ஏழை பீடிக்கும் கசிப்புக்கும் போவான் என்னும் மறுப்பு வலிமையுடையது. ஆயினும் பீடியும் புகையிலையே. அதன்மீதான சுமை சிகரெட்டின் சுமைக்கு மிகக் கீழே கிடப்பது இயற்கை நியதியன்று, அரசின் தெரிவு. கசிப்பின் நிலை வேறு. அங்கு வரி எட்டாது. சாராயத் தீர்வை எவ்வளவு உயரலாம் என்பதற்குக் காவலும் சோதனையும் எவ்வளவு பலமானவை என்பதே எல்லை. அந்த எல்லையைக் கடந்து உயர்த்தும் வரி குடியை ஒழிப்பதில்லை. குடிப்பவனை நஞ்சிடம் அனுப்புகிறது. மது வேறு, புகையிலை வேறு என்பதனை, இரண்டையும் ‘பாவம்’ என ஒரே மூட்டையாகக் கட்டுவோர் மறந்துவிடுகின்றனர்.

எனவே நாம் கேட்பது மூன்று. நீள வகுப்புகளை ஒழித்து எல்லாச் சிகரெட்டுக்கும் ஒரே தீர்வை விதிக்கப்படட்டும்; பீடியின் சுமை அதனை நெருங்கட்டும். விலைமட்டத்தோடு தீர்வை தானாகவே உயர்வது, அமைச்சரின் விருப்பத்துக்கு விடப்படாமல் சட்டத்தின் கட்டளையாக இருக்கட்டும். மதுவுக்கு, போத்தலில் உள்ள அற்ககோலின் அளவே அளவுகோலாகட்டும். இவற்றைச் செய்யாத அரசு வருமானத்துக்காக வரி வாங்கலாம், அது குற்றமன்று. ஆனால் அதனை மக்களின் ஆரோக்கியத்தின் பெயரால் வாங்கும் உரிமை அதற்கில்லை.