ஒன்று வாங்கி இரண்டு விற்பவர்கள் கவனத்துக்கு

ஆப்ஷன் பக்கம் புதிதாக வருபவர்களிடம் "காசே போடாமல் செய்யலாம்" என்று அறிமுகப்படுத்தப்படும் வியாபாரங்களில் ஒன்று ரேஷியோ கால் ஸ்ப்ரெட். சந்தை ஏறும், ஆனால் ரொம்ப ஏறாது என்று நினைப்பவர்களுக்கான உத்தி இது. உத்தியில் தப்பு இல்லை. அதன் மேல் பக்கத்தில் ஒரு கதவு திறந்தே கிடக்கிறது. அதை எப்போது மூடுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வார்த்தையில் சொன்னால் குழப்பும், கணக்காகவே பார்த்துவிடலாம். நிஃப்டி 24,000-ல் இருக்கிறது, எக்ஸ்பைரிக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிஃப்டி 24,600 வரை போகும், அதற்கு மேல் போக தெம்பு இல்லை என்று நினைக்கிறார். அவர் 24,200 கால் ஆப்ஷன் ஒன்றை 220 ரூபாய்க்கு வாங்குகிறார். கூடவே 24,600 கால் இரண்டை தலா 90 ரூபாய்க்கு விற்கிறார். கொடுத்தது 220, வந்தது 180. ஆக கையைவிட்டுப் போனது 40 ரூபாய்தான். லாட் அளவை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும். இங்கே கணக்குக்காக 75 என்று எடுத்துக்கொண்டால் மொத்தச் செலவு 3,000 ரூபாய். (புரோக்கரேஜ், வரி எல்லாம் தனி. அதைச் சேர்த்தால் கணக்கு அசிங்கமாகிவிடும், விட்டுவிடலாம்.)

எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 24,200-ஐத் தாண்டவில்லை என்றால் மூன்று ஆப்ஷனும் செல்லாக்காசு. நஷ்டம் 40 பாயிண்ட், அதோடு சரி. 24,240-ல் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு பாயிண்டும் லாபம். சரியாக 24,600-ல் முடிந்தால் வாங்கிய கால் 400 ரூபாய் பெறும், விற்ற இரண்டும் பூஜ்யம். 40 போக லாபம் 360 பாயிண்ட், அதாவது 27,000 ரூபாய். 3,000 போட்டு 27,000! இந்த ஒரு வரியைக் காட்டித்தான் பல பேரை உள்ளே இழுக்கிறார்கள்.

24,600-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? வாங்கியது ஒன்று, விற்றது இரண்டு. விற்றதில் ஒன்றுக்கு வாங்கியது துணை நிற்கும். மற்றொன்றுக்கு யாரும் துணை இல்லை. அதனால் 24,600-க்கு மேல் நிஃப்டி ஏறும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் சேர்த்த லாபத்திலிருந்து ஒரு பாயிண்ட் கரையும். 360 பாயிண்டும் கரைந்து முடியும் இடம் 24,960. நஷ்டம் அங்கேதான் ஆரம்பம். விற்ற ஸ்ட்ரைக்கோடு அதிகபட்ச லாபத்தைக் கூட்டினால் அந்த இடம் வந்துவிடும். ஒன்று வாங்கி மூன்று விற்றவர், துணையில்லாதது இரண்டு என்பதால், லாபத்தை இரண்டால் வகுத்துவிட்டுக் கூட்ட வேண்டும். 25,200-ல் முடிந்தால் நஷ்டம் 240 பாயிண்ட், 18,000 ரூபாய். 25,500 என்றால் 40,500 ரூபாய். அதற்கு மேல் எல்லை கிடையாது.

அந்த 40 ரூபாய்கூடக் கொடுக்க மனசில்லாதவர்கள் 24,600-க்குப் பதில் 24,500 காலை இரண்டு விற்பார்கள். அது 116 ரூபாய்க்குப் போகிறது என்றால் 232 வரவு, 220 செலவு. 12 ரூபாய் கையில் மிச்சம்! சந்தை விழுந்தாலும் நஷ்டமில்லை என்று மார்தட்டலாம். ஆனால் நஷ்டம் ஆரம்பிக்கும் இடம் 24,960-லிருந்து 24,812-க்கு இறங்கிவிட்டது. கீழே 52 பாயிண்ட் மிச்சப்படுத்த மேலே 148 பாயிண்ட் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். இதை 'இலவசம்' என்று சொல்வது இலவசம் என்ற சொல்லுக்கே அவமானம் :-)

இதுவரை பார்த்தது எல்லாம் எக்ஸ்பைரி நாள் கணக்கு. வரைபடம் போட்டு விளக்குபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிஜத்தில் வலி தொடங்குவது அதற்கு ரொம்ப முன்னால்.

நம்ம ஆள் நினைத்தபடியே நிஃப்டி 24,600-க்கு வருகிறது. ஆனால் மூன்று வாரத்தில் அல்ல, மூன்றே நாளில் வந்துவிடுகிறது. அவர் சந்தோஷமாக டெர்மினலைத் திறக்கிறார். சந்தையின் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு மாறாமல் இருந்தால் அப்போது 24,200 கால் சுமார் 570 ரூபாயும் 24,600 கால் சுமார் 300 ரூபாயும் இருக்கும். வாங்கியதை விற்றால் 570 கிடைக்கும், விற்ற இரண்டைத் திரும்ப வாங்க 600 வேண்டும். 30 போச்சு, முதலில் கொடுத்த 40-ம் போச்சு. மொத்தம் 70 பாயிண்ட் நஷ்டம், 5,250 ரூபாய். சொன்ன இடத்துக்கே சந்தை வந்தும் நஷ்டம்! காரணம், விற்ற இரண்டு ஆப்ஷனிலும் இன்னும் பதினெட்டு நாள் காலமதிப்பு உட்கார்ந்திருக்கிறது. அது கரைந்தால்தான் இவருக்கு லாபம். இரண்டே நாள் மிச்சம் இருக்கும்போதுகூட, 24,600-ல் நின்றால் கிடைப்பது 190 பாயிண்ட் சுமார்தான். அந்த முழு 360, கடைசி நாள் சாயங்காலத்துக்கு மட்டும் உரியது. ஆக இந்த உத்திக்கு 'மிதமான ஏற்றம்' போதாது. 'மெதுவான ஏற்றம்' வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்வது, பயந்துபோய் துணையில்லாத ஒரு காலை 300 கொடுத்துத் திரும்ப வாங்குவது. 90-க்கு விற்றதை 300-க்கு வாங்கினால் மொத்தச் செலவு 340 ஆகிவிடும். மிஞ்சியது ஒரு சாதாரண புல் ஸ்ப்ரெட். அதில் அதிகபட்சம் வரக்கூடியது 400. ஆக 60 பாயிண்ட் லாபத்துக்காக 340 பாயிண்டைப் பணயம் வைத்திருக்கிறார். ஆரம்பித்தது எங்கே, வந்து நிற்பது எங்கே!

சரி, கதவை எப்படி மூடுவது? இன்னும் மேலே ஒரு கால் வாங்கினால் போதும். அதே முதல் நாளில் 25,000 கால் சுமார் 30 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். மொத்தச் செலவு 40-லிருந்து 70 ஆகும். இப்போது வாங்கியதும் இரண்டு, விற்றதும் இரண்டு. நிஃப்டி 25,000 போனாலும் 28,000 போனாலும் நஷ்டம் 70 பாயிண்ட், அதாவது 5,250 ரூபாய், அவ்வளவுதான். அதிகபட்ச லாபம் 360-லிருந்து 330 ஆகக் குறையும். லாபம் கிடைக்கும் எல்லை 24,270-லிருந்து 24,930 வரை. பட்டர்ஃப்ளை என்று புத்தகங்களில் வருவது இதுதான். 30 ரூபாய் அதிகம் என்று தோன்றினால் 25,200 காலை 16 ரூபாய்க்கு வாங்கலாம். ஆனால் அப்போது மேல் பக்க நஷ்டம் 256 பாயிண்ட் வரை, 19,200 ரூபாய் வரை போகும். எல்லை இருக்கிறது, தள்ளி இருக்கிறது. எவ்வளவு தாங்க முடியும் என்பதைப் பார்த்து ஸ்ட்ரைக்கைத் தேர்வு செய்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த மூன்றாம் நாளுக்கே திரும்பப் போய்ப் பாருங்கள். நிஃப்டி 24,600-ல் இருக்கும்போது 25,000 கால் 30-லிருந்து சுமார் 130-க்குப் போயிருக்கும். முதல் நாளே வாங்கியவர் 70 பாயிண்ட் நஷ்டத்துக்குப் பதில் 30 பாயிண்ட் லாபத்தில் இருப்பார். "தேவைப்பட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று இருந்தவருக்கு அதே பாதுகாப்பு நாலு மடங்கு விலை. மழை வந்தபிறகு குடைக்கடைக்குப் போன கதை.

இதற்கு வரும் வழக்கமான பதில்: "நான் ஸ்டாப் லாஸ் போட்டு வைப்பேன்." ஸ்டாப் லாஸ் என்பது ஒரு ஆர்டர். அது நிறைவேற சந்தை திறந்திருக்க வேண்டும், எதிரில் விற்க ஆள் இருக்க வேண்டும். 2009 மே 16 சனிக்கிழமை தேர்தல் முடிவு வந்தது. வெள்ளிக்கிழமை 3,671.65-ல் முடிந்திருந்த நிஃப்டி, மே 18 திங்கட்கிழமை திறந்த வேகத்தில் மேல் சர்க்யூட்டைத் தொட்டது. வியாபாரம் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்ததும் மறுபடி சர்க்யூட், அத்தோடு அன்றைய சந்தை முடிந்தது. முடிவு 4,323.15, அதாவது 17.74 சதவீத ஏற்றம். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் யாருடைய ஸ்டாப் லாஸும் எதையும் நிறுத்தியிருக்க முடியாது.

அப்படி ஒரு நாள் அடிக்கடி வராது, தேர்தல் சமயத்தில் பிரீமியமும் வேறு மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனாலும் அதே சதவீதத்தை மேலே உள்ள உதாரணத்தில் போட்டால் நிஃப்டி சுமார் 28,258. எக்ஸ்பைரியில் அங்கே முடிந்தால் நஷ்டம் 3,298 பாயிண்ட், ஏறக்குறைய 2 லட்சத்து 47 ஆயிரம் ரூபாய். 27,000-க்கு ஆசைப்பட்டு! சின்ன ஏற்றமும் சும்மா இல்லை. 2024 ஜூன் 3 அன்று கருத்துக் கணிப்பைப் பார்த்து நிஃப்டி ஒரே நாளில் 3.25 சதவீதம் ஏறியது (மறுநாள் அதைவிட வேகமாக விழுந்தது, அது வேறு கதை). நம் உதாரணத்தில் நஷ்ட எல்லை 4 சதவீத தூரத்தில்தான் இருக்கிறது.

மார்ஜின் விஷயத்திலும் இதே கதைதான். துணையில்லாத கால் ஒன்று இருக்கும்வரை எக்ஸ்சேஞ்ச் அதற்கு முழு மார்ஜின் கேட்கும். சந்தை துள்ளினால் இன்னும் கேட்கும். கட்ட முடியாவிட்டால் புரோக்கரே பொசிஷனை மூடிவிடுவார், அதுவும் விலை மிக மோசமாக இருக்கும் நேரத்தில். மேல் காலை வாங்கிவிட்டால் மார்ஜின் கணிசமாகக் குறையும். அந்த 2,250 ரூபாயை வீண் செலவு என்று நினைப்பவர்கள், 3,000 ரூபாய் வியாபாரத்துக்காக எவ்வளவு பணம் மார்ஜினில் முடங்கிக் கிடக்கிறது என்று ஒருமுறை பார்க்கலாம்.

ஆர்டர் போடும் வரிசையும் முக்கியம். முதலில் வாங்க வேண்டிய இரண்டையும் வாங்கிவிட்டு, பிறகுதான் விற்க வேண்டும். பங்கு ஆப்ஷன்களில் இதைச் செய்பவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து அவை எல்லாமே பங்கையே கைமாற்றித் தீர்க்கப்படுகின்றன. துணையில்லாத கால் பணத்தில் வந்துவிட்டால், எக்ஸ்பைரி அன்று பங்கையே கொடுக்க வேண்டிவரும். நிஃப்டியில் அந்தத் தொல்லை இல்லை, வித்தியாசத்தைப் பணமாகக் கட்டினால் போதும்.

மேல் காலின் விலையையும் சேர்த்து, முதல் நாளே மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். அப்போதும் லாபம் திருப்தியாக இருந்தால் செய்யட்டும். இல்லையென்றால் அன்றைக்கு அந்த வியாபாரத்துக்கு விலை சரியில்லை, அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்.