பக்கத்துக்கு 30 வெள்ளி போதுமா?

சென்ற விடுமுறையில் மின்னிலக்கக் கதவுப் பூட்டு ஒன்றுக்குப் பயனர் கையேடு எழுதும் பகுதிநேர வேலை கிடைத்தது. பக்கத்துக்கு 30 வெள்ளி. 24 பக்கம் வரும் என்றார்கள். 720 வெள்ளி என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

எழுதுவதைவிடப் பொறியாளரிடம் விவரம் வாங்குவதுதான் கடினம். பூட்டு இயங்காமல் நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். “ரீசெட் பண்ணா சரியாயிடும், தம்பி,” என்றார். அதை அப்படியே எழுதியிருந்தால் வம்பாகியிருக்கும். என் முன்னால் செய்து காட்டச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. பொத்தானை 5 விநாடி அழுத்தினால் பூட்டு மறுபடி இயங்கும். 10 விநாடி அழுத்தினாலோ பதிவான கைரேகைகள் எல்லாம் அழிந்துவிடும். அவருக்கு அது பழகிப்போனதால் சொல்லத் தோன்றவில்லை. அதன்பிறகு, “இதைச் சீக்கிரம் விட்டுவிட்டால்? தாமதமாக விட்டால்?” என்று ஒவ்வொரு படியிலும் கேட்கத் தொடங்கினேன்.

பேட்டிக்கும் பூட்டை நானே இயக்கிப் பார்ப்பதற்கும் 11 மணி நேரம் போனது. எழுத 14, திருத்தங்களுக்கு இன்னும் 11. மொத்தம் 36 மணி நேரம். அதோடு, திரும்பத் திரும்ப வந்த எச்சரிக்கைகளை ஒரே இடத்தில் சேர்த்ததும் கையேடு 18 பக்கமாகச் சுருங்கியது. படிப்பவருக்கு நல்லது, என் கூலியோ 540 வெள்ளியானது. மணிக்கு 15 வெள்ளி! பக்கக் கணக்கில், வளவளவென்று எழுதுபவருக்கே கூடுதல் பணம்.

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இணையத்தள ஊழியர் சட்டம், உணவு விநியோக ஊழியர்களுக்கும் தனியார் வாடகை கார் ஓட்டுநர்களுக்கும் மத்திய சேமநிதி, வேலைக் காய இழப்பீடு போன்ற பாதுகாப்பைத் தருகிறது. எங்களைப் போல் நேரடியாக நிறுவனத்திடம் வேலை வாங்கி எழுதுபவர்கள் அதற்குள் வருவதில்லை. பணம் வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். பொதுவாக 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். ஆனால் என்ன பேசிக்கொண்டோம் என்பதை அங்கே காட்ட வேண்டும். என்னிடம் இருந்தது நாலு வாட்ஸ்அப் செய்திகள்தாம். நல்லவேளை, பணம் தாமதமாகவேனும் வந்தது.

அடுத்து உதவிக் கட்டுரைகள் எழுதும் வேலை வந்தபோது கட்டுரைக்கு ஒரு தொகை கேட்டேன். பொறியாளர் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார், இரண்டு முறைக்கு மேல் திருத்தினால் மணிக்கு எவ்வளவு, எழுதத் தொடங்கியபின் மென்பொருளின் திரை மாறினால் யார் பொறுப்பு ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். முதல் இரண்டுக்கும் உடனே சம்மதித்தார்கள். மூன்றாவதுக்குப் பதில் வர ஒரு வாரம் ஆனது. அதுவரை நான் எழுதத் தொடங்கவில்லை.