கட்டண வரலாற்றில் மறையும் இடைவெளி

ஆயுள் காப்பீட்டின் கட்டண வரலாற்றில் தவணை நாளும் பணம் செலுத்திய நாளும் அருகருகே இருந்தாலும், படிப்பவரின் கண் பெரும்பாலும் கட்டிய தொகையிலேயே நின்றுவிடுகிறது. இந்தியாவில் மாதத் தவணைக்கு 15 நாளும், ஆண்டுத் தவணைக்கு 30 நாளும் சலுகைக் காலமாக, அதாவது பாதுகாப்பு அறுபடாமல் தாமதித்துக் கட்டுவதற்கான அவகாசமாக, அளிக்கப்படுகின்றன. ஜூன் 10-ல் ஆண்டுத் தவணை வரும் டெர்ம் பாலிசிக்கு ஜூலை 8-ல் பணம் வந்திருந்தால் காப்பு தொடர்ந்தே இருந்திருக்கிறது. இடையில் இறப்பு நேர்ந்திருந்தாலும், நிலுவைப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு காப்பீட்டுத் தொகை வழங்கப்பட்டிருக்கும். அதே பணம் ஆகஸ்ட் 2-ல் வட்டியுடன் வந்திருந்தால், ஜூலை 10-க்குப் பின் பாலிசி காலாவதியாகி, பிறகு புதுப்பிக்கப்பட்டது என்பதே பொருள். இடைப்பட்ட நாள்களில் நேரும் இறப்புக்கு இழப்பீடு இல்லை. இத்தனை பெரிய வேறுபாடு வட்டி என்னும் சிறு எண்ணாக மட்டும் தெரிவது தகாது. காப்பற்ற நாள்களைத் தனி வரியாகவே நிறுவனங்கள் அச்சிட வேண்டும்.