அடிப்பதற்கு முன் மாற்ற வேண்டும்

போன வாரம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுத் திண்ணையில் பேத்தி ஒரு கணக்குத் தாளோடு வந்து உட்கார்ந்தாள். ஏழாவது படிக்கிறாள். தாளில் முதல் கணக்கு 2 4/5 × 3 3/4.

"மேலே ஒரு நாலு, கீழே ஒரு நாலு. அடிச்சிடலாம் தாத்தா" என்று இரண்டையும் கோடு போட்டு அடித்தாள். மிஞ்சியது 2 1/5 × 3 3/1. அதாவது 11/5 × 6. விடை 13 1/5.

நான் சொன்னேன்: "இரண்டே ஐந்தில் நாலு என்பது மூன்றுக்கும் குறைவு. மூன்றே முக்கால், நாலுக்கும் குறைவு. மூன்றையும் நாலையும் பெருக்கினாலே 12தான். நீ 13க்கு மேல் எப்படிப் போனாய்?"

அவள் அடித்ததில் தப்பில்லை, அடித்த இடம்தான் தப்பு. பெருக்கலில் இருக்கும் எண்ணைத்தான் அடிக்கலாம். 2 4/5இல் உள்ள நாலு, இரண்டோடு கூட்டலில் நிற்கிறது. முதலில் தகாபின்னமாக மாற்ற வேண்டும். ஐயிரண்டு பத்து, அதோடு நாலு, பதினாலு. ஆக 14/5. அதேபோல 3 3/4 என்பது 15/4. இப்போது மேலே 14, கீழே 4. இரண்டால் வகுத்தால் 7, 2. மேலே 15, கீழே 5. ஐந்தால் வகுத்தால் 3, 1. மேலே 21, கீழே 2. விடை பத்தரை.

அடுத்து அவளே கேட்டாள்: "முழு எண்ணை முழு எண்ணாலும், பின்னத்தைப் பின்னத்தாலும் பெருக்கினா?" 6 3/5 வரும். பாதிக் கணக்குத்தான். இரண்டின் முக்கால் ஒன்றரையும், மூன்றின் 4/5 ஆன 2 2/5உம் விட்டுப்போய்விடும். 6 3/5ஓடு அவற்றைச் சேர்த்துப் பாருங்கள், அதே பத்தரை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே கலப்பு பின்னத்தை இப்படி ஒட்டி எழுதும் வழக்கமே இல்லை. 14/5 என்று எழுதுவோம், அல்லது 2 + 4/5 என்று கூட்டல் குறி போடுவோம். குறி கண்ணுக்குத் தெரிந்தால் அடிக்கக் கை நீளாது. நம் பேச்சிலும் 'ஒன்றே கால்' என்னும்போது அந்த 'ஏ' கூட்டலைத்தானே சொல்கிறது? தாளில் மட்டும் ஏன் மறைக்கிறார்களோ! பிள்ளைகளுக்கு முதல் ஒரு மாதமாவது கூட்டல் குறியோடு எழுதிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. பரீட்சைக்கு வேகம் வேண்டும் என்பார்கள். வேகமாகத்தான் 13 1/5 வந்தது.

அடுத்த கணக்கு 4/9 × 2 1/4. இந்த முறை பேனாவை எடுத்ததும் 9/4 என்று மாற்றி எழுதிவிட்டு அடித்தாள். நாலுக்கு நாலு, ஒன்பதுக்கு ஒன்பது.

"எல்லாமே போயிடுச்சே தாத்தா. பூஜ்யமா?"

"அடித்த ஒவ்வொரு இடத்திலும் ஒன்று நிற்கிறது, எழுதிப் பார்" என்றேன். எழுதினாள். விடை 1.