தோலைத் தேய்த்தது போதும், கிழங்கை வெட்டுங்கள்

ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததிலிருந்து எல்லோர் கண்ணும் சாயத்தின் மேல்தான். சர்க்கரைவள்ளித் தோலை எண்ணெயில் நனைத்த பஞ்சால் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்று பார்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையமும் செய்து காட்டியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பஞ்சு கண்டுபிடிக்காத நஞ்சு ஒன்று தோலுக்கு அடியில் இருக்கிறது. பூஞ்சை தாக்கிய கிழங்கில் அதன் அடையாளம் நாணயம் அளவுக்கு உள்வாங்கிய கரும் புள்ளி, அழுத்தினால் கெட்டியாகவே இருக்கும். அதனால் அழுகல் என்று யாரும் கழிப்பதில்லை. வெட்டினால் பச்சை கலந்த கறுப்பு. கூன்வண்டுப் புழு குடைந்ததென்றால் எச்சம் அடைந்த துளைகளும் காரநெடியும்.

இப்படிப்பட்ட கிழங்கு கசக்கும். அந்தக் கசப்பு பூஞ்சையுடையதோ புழுவுடையதோ அல்ல. தாக்குண்ட இடத்தைச் சுற்றியுள்ள உயிருள்ள திசு தற்காப்புக்காகச் சுரக்கும் இப்போமியமரோன் முதலான பொருள்களே அது, ஈரலைக் கெடுப்பவை. மரவள்ளி விளையும் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில், வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் நஞ்சு போய்விடும் என்பது கைப்பழக்கம். மரவள்ளியின் சயனைடுக்கு அது பொருந்தும். சர்க்கரைவள்ளியின் இந்த நஞ்சு வேகும்போது குறையலாமே தவிர, முழுதாக ஒழியாது. புள்ளியை மட்டும் செதுக்கினால் ஆகாதா? மண்வெட்டி பட்டு ஆறிய தழும்பென்றால் ஆகும். கரும் புள்ளியின் ஓரம் நிறம் மாறாமல் இருப்பதாலேயே சுத்தம் என்று சொல்ல முடியாது. நஞ்சு உருவாவதே அந்த எல்லையில்தான். வாயில் கசந்தால் அந்தக் கிழங்கு முழுதும் குப்பைக்கு.

குப்பைக்கு என்றால் தொழுவத்துக்கு அல்ல. நாம் பல காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். கழித்த கிழங்கில் ஃபியூசேரியம் சொலானி பூஞ்சை ஏறினால், கிழங்கின் தற்காப்புப் பொருளே 4-இப்போமியனால் ஆக மாறுகிறது. அது மாட்டின் நுரையீரலைத் தாக்கும். மாடு கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். மாற்று மருந்து இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1969இல் பூசணம் பிடித்த கிழங்கு தின்ற 275 மாடுகளில் 69 செத்தன. மனிதரைப் பற்றிய சான்று இவ்வளவு திடமாக இல்லை என்பது உண்மை. அதற்காக மனிதரிடமே சோதித்துப் பார்க்க வேண்டுமா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் இயற்கை நஞ்சுகள் பட்டியலில் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கிறது, நம் சந்தையில் பெயரே கேள்விப்படாத அகாரிக் அமிலமும் இருக்கிறது, இப்போமியமரோன் இல்லை. வரம்பு இல்லாததை ஆய்வகம் அளக்காது. அளக்காததற்கு வழக்கும் வராது. வண்டு பிடித்த உணவு பாதுகாப்பற்றது என்று 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது, ஆனால் அதற்குக் கிழங்கை வெட்டிப் பார்க்க வேண்டும். சாயத்துக்குப் பஞ்சு கொடுத்தவர்கள் இதற்கு ஒரு கத்தியைக் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்? அதுவரை, கழித்த கிழங்கை வரப்போரம் கொட்டாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். மேலே கிடந்தால் அதிலிருந்தே அடுத்த போகத்துக்கான வண்டு கிளம்பும்.