எல்லாச் சொடுகும் சொடுகு இல்லை



தலையில் வெள்ளையாக ஏதாவது உதிர்ந்தால் நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வைக்கிறோம்: சொடுகு. வைத்தியமும் ஒன்றுதான்: தேசிக்காய்ப்புளி, இல்லாவிட்டால் இரவு முழுக்கத் தேங்காயெண்ணெய். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இதே கதைதான். இந்தப் பழக்கத்தை நாம் மாற்ற வேண்டும்.

சாதாரண சொடுகில் செதில் சிறியது, தூள் போன்றது. தோல் சிவக்காது, வீங்காது. நமது தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சை தலை எண்ணெய்ப்பசையைத் தின்று வளர்வதுதான் இதற்கு முக்கிய காரணம். வயதுக்கு வரும்போது எண்ணெய்ப்பசை கூடுவதால் அப்போதுதான் தொடங்கும். ஆகவே ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குச் செதிலோடு முடியும் திட்டுத்திட்டாகக் கொட்டினால் அது சொடுகு என்று இருந்துவிடக் கூடாது. அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு மாத்திரை வேண்டும், ஷாம்பு மட்டும் போதாது.

அதே பூஞ்சைக்குத் தோல் கடுமையாக எதிர்வினை காட்டினால் செபோரிக் டெர்மடைடிஸ். செதில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். புருவம், மூக்கின் இரு பக்கம், காதுக்குப் பின்புறம் என்றும் வரும். நமது நிறத்தில் சிவப்பு தெரியாமல், வெளிறிய திட்டாகவே தெரியலாம். இதற்குக் கீட்டோகொனசோல் 2% ஷாம்பு உதவும். வாரம் இரு தடவை, நுரையை 5 நிமிடம் தலையில் விட்டுக் கழுவ வேண்டும். 4 வாரம் பார்க்கலாம். பலர் பூசியவுடன் கழுவிவிட்டு மருந்து சரியில்லை என்கிறார்கள். இரவு முழுக்க விடும் எண்ணெய் அந்தப் பூஞ்சைக்குத் தீனி. ஈரத் தலையில் பர்தா கட்டுவதும் நல்லதல்ல.

சொரியாசிஸ் வேறு. தரம் 10 மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். மாதக்கணக்காகச் சொடுகு ஷாம்பு போட்டும் குறையவில்லை. செதில் தடிப்பாக, வெள்ளி நிறத்தில், ஓரம் தெளிவாக இருக்கிறது. முடியெல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்துவிட்டது. முழங்கையிலும் ஒரு திட்டு, நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள். இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் சொரியாசிஸைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இது உடலின் எதிர்ப்புச் சக்தி தோலை அவசரமாக வளரச் செய்வதால் வருவது. பிடுங்கினால், சொறிந்தால் கூடும். மூட்டு வலியும் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாமசியில் கேட்டு ஸ்டீரொயிட் மாத்திரை விழுங்கினால் உடனே குறையும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.

சில வேளை வைத்தியருக்கே இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அதனால் 4 வாரத்தில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. சொடுகும் செபோரிக் டெர்மடைடிஸும் சொரியாசிஸும் தொற்றாது. அந்தப் பிள்ளையைத் தனி மேசையில் இருத்த நமக்கு எந்த நியாயமும் இல்லை.