‘கேன்சர்’னு சொன்னதும் நிறுத்துங்க

1/ “கெட்ட கட்டி மாதிரி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க”ன்னு மழுப்பி அனுப்புறது தப்புங்கிறது என் கருத்து. அவசரம் புரியாம, வலியும் இல்லாததால, சிலர் மாசக்கணக்கா வரமாட்டாங்க.

2/ மார்பகக் கட்டிக்கு பயாப்ஸி எடுத்த 48 வயசு அம்மான்னு வைச்சுக்கோங்க. உட்கார வைச்சு, கூட யார் இருக்கணும்னு அவங்ககிட்டயே கேட்கணும். “இந்த டெஸ்ட் எதுக்குன்னு சொன்னாங்களாம்மா?” பதிலைக் கேட்டுட்டு, “ரிசல்ட் நாம நினைச்ச மாதிரி நல்லா வரலம்மா.” ஒரு மூச்சு விட்டு, “இது மார்பகப் புற்றுநோய். கேன்சர்.”

3/ இங்க நிறுத்தணும். அழட்டும், வெறிச்சுப் பார்க்கட்டும். பத்து நொடி பேசாம இருக்கிறது நமக்குத்தான் கஷ்டம். அப்பவே கீமோ, ஆபரேஷன்னு அடுக்கினா எதுவும் காதுல ஏறாது.

4/ “பொழைச்சுக்குவேனா?”ன்னு கேட்டா, “சிகிச்சை இருக்கும்மா. எவ்வளவு பரவியிருக்குன்னு ஸ்கேன் பார்த்துட்டு சொல்றேன்.” ‘ஒண்ணும் ஆகாது’ன்னு அதுக்கு முன்னாடி வாக்கு கொடுக்கக் கூடாது.

5/ கடைசியா சீட்டுல எழுதித் தரணும்: செவ்வாய் ஸ்கேன், வெள்ளி புற்றுநோய்ப் பிரிவு ஓ.பி., ரூம் நம்பர், கொண்டுவர வேண்டிய காப்பீட்டு அட்டை. அப்புறம், “வீட்ல என்னன்னு சொல்வீங்க?”ன்னு கேளுங்க. எது புரியலங்கிறது அந்தப் பதில்ல தெரிஞ்சிடும்.